கம்பெனி கார்டு ஸ்டேட்மென்ட்: எந்தத் தலைப்பு, எந்த பில், எது பாக்கி?

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். விற்பனை ஆட்களிடம் ஆறு கம்பெனி கார்டுகள் இருக்கின்றன. மாதாமாதம் அவற்றின் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகச் செலவுத் தலைப்புகளில் பிரித்து, பில் சேராதவற்றைத் தனிப் பட்டியலாக்கி நிதிப் பிரிவுக்குக் கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்டவையும், ஆரம்பத்தில் நானே திணறியவையும் இவை.

ஸ்டேட்மென்ட் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்? நேராகத் தலைப்பு போட ஆரம்பிக்கலாமா?

வேண்டாம், முதலில் கூட்டிப் பாருங்கள். போன மாத பாக்கியோடு இந்த மாதச் செலவைக் கூட்டி, கட்டிய பணத்தையும் திரும்பி வந்ததையும் கழித்தால், ஸ்டேட்மென்ட்டில் உள்ள இறுதித் தொகை பைசா பிசகாமல் வர வேண்டும். வரவில்லை என்றால் பிடிஎஃப்பிலிருந்து எக்செலுக்கு மாற்றும்போது ஏதோ ஒரு வரி விழுந்துவிட்டது, அல்லது ஒரு வரவு செலவாக மாறிவிட்டது. பெரும்பாலும் பக்கத்தின் கடைசி வரிதான் காணாமல் போயிருக்கும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஸ்டேட்மென்ட்டை வைத்துப் பேசுகிறேன். ஒரு விற்பனை மேலாளரின் கார்டு, 2025 மே 16 முதல் ஜூன் 15 வரை. கடை பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

```
17/05  IRCTC E TICKETING            1,285.00
19/05  SRI MURUGAN AGENCIES HOSUR   3,000.00
19/05  FUEL SURCHARGE                  30.00
19/05  IGST                             5.40
20/05  HOTEL BENGALURU              6,720.00
21/05  FUEL SURCHARGE WAIVER           30.00 Cr
22/05  RAZ*SVENT                   11,800.00
23/05  IRCTC REFUND                 1,045.00 Cr
27/05  CLOUD SOFTWARE USD 60.00     5,130.00
27/05  FOREIGN CURRENCY FEE           179.55
27/05  IGST                            32.32
05/06  AMAZON                       4,499.00
```

போன மாத பாக்கி முழுவதும் கட்டியாகிவிட்டது. செலவு வரிகள் 32,681.27, திரும்பி வந்தது 1,075.00. ஆக இறுதித் தொகை 31,606.27. இந்த எண்ணைத் தாளின் உச்சியில் எழுதி வையுங்கள். கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருவோம்.

தலைப்பு போட்டுவிட்டால் அந்த வரி முடிந்தது என்று அர்த்தமா?

இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாக. இது எந்தச் செலவு? இதற்கு பில் எங்கே?

ஹோட்டல் என்று பெயரிலேயே இருந்தால் தலைப்பு உடனே தெரிந்துவிடும், ஆனால் பில் வந்திருக்காது. நேர்மாறாக, வேறொரு வரிக்குச் சரியான பில் கையில் இருக்கும்; வாங்கியது அலுவலகத்துக்கா வீட்டுக்கா என்று தெரியாது. ஒரே பத்தியில் "சரி" என்று போட்டால் இந்த இரண்டு நிலைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் என் தாளில் தலைப்புக்கு ஒரு பத்தி, பில்லுக்கு ஒரு பத்தி. இரண்டும் நிரம்பினால்தான் அந்த வரி முடிந்தது. ஒன்று காலியாக இருந்தாலும் அது பாக்கிப் பட்டியலுக்குப் போகும்.

கடைப் பெயரை வைத்து எக்செலே தலைப்பு போடும்படி செய்ய முடியுமா?

முடியும், பாதிக்கு மேல் வேலை அதிலேயே முடியும். `Rules` என்று ஒரு தாள் வைத்து, A பத்தியில் தேட வேண்டிய சொல், B பத்தியில் தலைப்பு என்று எழுதுங்கள். ஸ்டேட்மென்ட் தாளில் கடைப் பெயர் B2-இல் இருந்தால் சூத்திரம் இது:

```
=IFERROR(INDEX(Rules!$B$2:$B$80,
 MATCH(TRUE,ISNUMBER(SEARCH(Rules!$A$2:$A$80,B2)),0)),
 "UNMATCHED")
```

பழைய எக்செலில் Ctrl+Shift+Enter அழுத்தி முடிக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் சொல்லின் தலைப்பை எடுத்துக்கொள்ளும். அதனால் குறுகலான சொல் மேலே, அகலமான சொல் கீழே இருக்க வேண்டும். `AMAZON WEB SERVICES` என்ற வரி `AMAZON` வரிக்குக் கீழே கிடந்தால், சர்வர் வாடகை எல்லாம் ஆன்லைன் கொள்முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

A2:A80 வரம்பில் ஒரு காலி அறைகூட இருக்கக் கூடாது. காலி சொல்லை `SEARCH` எந்தப் பெயரிலும் "முதல் எழுத்திலேயே இருக்கிறது" என்று சொல்லிவிடும். ஒருமுறை விதித் தாளின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் அழித்துவிட்டு, அதன் பக்கத்திலிருந்த பெட்ரோல் என்ற தலைப்பை அழிக்க மறந்துவிட்டேன். அந்த மாதம் பொருந்தாத வரி ஒன்றுகூட இல்லை. என்ன அதிசயம் என்று சந்தோஷப்பட்டுப் பார்த்தால், அடையாளம் தெரியாத அத்தனையும் பெட்ரோல். அதிலிருந்து, `UNMATCHED` ஒன்றுமே வராத மாதத்தை நான் நம்புவதில்லை. உங்கள் விதிகள் 79-க்கும் குறைவு என்றால் வரம்பைக் கடைசி விதி இருக்கும் வரிசை வரை சுருக்கிவிடுங்கள்.

விதியாக எந்தச் சொல்லை வைப்பது, எதை வைக்கக் கூடாது?

மூன்று நான்கு எழுத்துச் சொற்களைத் தவிருங்கள். டாக்ஸிக்காக `OLA` என்று வைத்திருந்தேன். ஊரில் சோழா என்று எத்தனை மெஸ், எத்தனை லாட்ஜ்! `CHOLA` எல்லாம் டாக்ஸி ஆகிவிட்டது. இப்போது ஸ்டேட்மென்ட்டில் வருகிற முழுப் பெயரையும் அப்படியே வைக்கிறேன்.

`RAZ*`, `PYU*` என்று தொடங்குபவை பணம் வாங்கித் தரும் இடைத்தரகர்களின் முன்னொட்டுகள். அதை வைத்து விதி எழுதினால் பயனில்லை, விற்றவர் யார் என்பது அதற்குப் பின்னால் இருக்கிறது. இன்னொன்று, `SEARCH`-க்கு `*` என்றால் "எதுவாக இருந்தாலும்" என்று பொருள். உண்மையான நட்சத்திரக் குறியைத் தேட வேண்டுமானால் `~*` என்று எழுத வேண்டும்.

எல்லாப் பொருளும் விற்கிற இடத்துக்கு விதியே வேண்டாம். சூப்பர் மார்க்கெட், ஆன்லைன் கடை இரண்டையும் வேண்டுமென்றே `UNMATCHED`-இல் விட்டுவிடுகிறேன். எங்கே வாங்கினார்கள் என்பதைத்தான் கடைப் பெயர் சொல்லும். எதற்கு வாங்கினார்கள் என்பதை பில்லும் ஆளும்தான் சொல்ல முடியும்.

பெயரே புரியவில்லை என்றால்? "ஸ்ரீ முருகன் ஏஜென்சீஸ்" என்றால் என்ன வியாபாரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த வரியைப் பாருங்கள். 3,000-க்குக் கீழேயே `FUEL SURCHARGE` 30 ரூபாய், அதாவது ஒரு சதவீதம். அந்த 30-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 5.40. ஆக ஸ்ரீ முருகன் ஏஜென்சீஸ் ஒரு பெட்ரோல் பங்க். நம் ஊர்ப் பங்குகள் பாதிக்கு மேல் இப்படி ஏஜென்சீஸ், அண்ட் கோ, டிரேடர்ஸ் என்ற பெயரில்தான் ஸ்டேட்மென்ட்டில் வரும். எண்ணெய் நிறுவனத்தின் பெயர் தென்படாது.

இரண்டு நாள் கழித்து அந்த 30 ரூபாயை வங்கி திருப்பிக் கொடுத்திருக்கிறது. 5.40 திரும்பவில்லை. பெரும்பாலான கார்டுகளில் இப்படித்தான்: கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள், அதன் மேல் போட்ட வரியை விட்டுவிடுவார்கள். 30-ஐயும் அதன் தள்ளுபடியையும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்து மூடிவிட்டு, 5.40-ஐ வங்கிக் கட்டணத்தில் போடுங்கள். பெட்ரோல், டீசல் இரண்டுமே ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பவை. அந்த 3,000-இல், நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வரி வரவு எதுவும் இல்லை.

கம்பெனிக் கார்டுக்கு வங்கி தனியாக டேட்டா ஃபைல் தருகிறது என்றால் அதில் வியாபார வகைக் குறியீடு நான்கு இலக்கத்தில் இருக்கும். 5541 பெட்ரோல் பங்க், 5812 உணவகம், 7011 தங்குமிடம், 4121 டாக்ஸி. நமக்கு வருகிற சாதாரண பிடிஎஃப்பில் பொதுவாக இது இருக்காது. வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் அதுவும் 7011 என்றே வரலாம்.

பில்லையும் ஸ்டேட்மென்ட் வரியையும் எதை வைத்து ஜோடி சேர்ப்பது?

முதலில் தொகை, அப்புறம் தேதி, கடைசியில்தான் பெயர். கடையின் பலகையில் ஒரு பெயர், ஸ்டேட்மென்ட்டில் இன்னொரு பெயர் என்பது சகஜம். தேதியும் ஓரிரு நாள் நகரும், ஏனென்றால் கார்டைத் தேய்த்த நாள் ஒன்று, வங்கி கணக்கில் ஏற்றிய நாள் இன்னொன்று. நான் மூன்று நாள் முன்பின் அனுமதிக்கிறேன். தொகைதான் இடம் மாறாமல் நிற்கும்.

தொகையே ஒத்துவராத வரிகளும் உண்டு. பெங்களூர் ஹோட்டல் வரியைப் பாருங்கள். 6,720-க்கு எந்த பில்லும் இல்லை. 6,300-க்கு அறை பில் ஒன்று, 420-க்குச் சாப்பாட்டு பில் ஒன்று இருந்தன; கிளம்பும்போது இரண்டையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறார். அப்போது ஸ்டேட்மென்ட் வரியைத்தான் இரண்டாக உடைக்க வேண்டும்: தங்கும் செலவு 6,300, பயண உணவு 420. பில்லைத் திருத்தி ஒட்டவைக்கும் வேலை வேண்டாம். ஆன்லைன் ஆர்டரில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பில் ஒன்று, பொருள் மூன்று பெட்டியாக அனுப்பப்பட்டதால் கார்டில் மூன்று வரி. அங்கே மூன்றையும் கூட்டி ஒரு பில்லோடு சேர்க்க வேண்டும்.

பெங்களூர் பில்லில் இன்னொரு விஷயமும் உண்டு. ஹோட்டல் அறைக்கு வரி, கட்டடம் இருக்கும் மாநிலத்துக்குரியது. அதில் கர்நாடக மாநில வரியும் மத்திய வரியும் இருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவுள்ள நாம் அதை வரவாக எடுக்க முடியாது. எனவே 6,300 முழுவதும் செலவு. சாப்பாட்டு பில்லின் வரியை வரவாக எடுப்பதையும் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது.

ரயில் டிக்கெட் ரத்தான பணம் திரும்பி வந்திருக்கிறது. அதை இதர வருமானத்தில் போடலாமா?

கூடாது. பணம் எந்தத் தலைப்பில் போனதோ அதிலேயே திரும்பி வர வேண்டும். 1,285 போனது, 1,045 வந்தது. ரத்துக் கட்டணமாகவும் திரும்பாத வசதிக் கட்டணமாகவும் போன 240 ரூபாய்தான் உண்மையான பயணச் செலவு. டிக்கெட் எடுத்தவர் மனம் மாறி காரில் போய்விட்டார், அதனால்தான் 19-ஆம் தேதி ஓசூரில் பெட்ரோல். இப்படி ஒரு பயணத்தின் வரிகளைச் சேர்த்து வாசித்தால் கதை தானாகப் புரியும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சந்தேகமாகத் தெரியும்.

திரும்பும் பணம் அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் வந்தால் கவனம் வேண்டும். அங்கே தனியாக ஒரு வரவு நிற்கும், அதன் ஜோடி போன மாதத் தாளில் இருக்கும். அதற்காகவே, ரத்து செய்ததாகத் தெரிந்த டிக்கெட்டை, பணம் வரும் வரை பாக்கிப் பட்டியலிலேயே வைத்திருக்கிறேன்.

டாலரில் போன பணத்துக்கு பில்லில் 60 டாலர், கார்டில் 5,130 ரூபாய். எப்படி ஒத்துப்போகும்?

டாலரை டாலரோடு ஒப்பிடுங்கள். ஸ்டேட்மென்ட் வரியிலேயே `USD 60.00` இருக்கிறது, பில்லிலும் 60. அது போதும். 5,130-ஐ 60-ஆல் வகுத்தால் 85.50, அன்றைய மாற்று விகிதத்தை ஒட்டி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் சரி.

அதன் கீழே உள்ள 179.55 வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், இந்தக் கார்டுக்கு 3.5 சதவீதம். 32.32 அதன் மீதான வரி. இவை மென்பொருள் செலவு அல்ல, வங்கிக் கட்டணம். இவற்றுக்குத் தனி பில் வராது, ஸ்டேட்மென்ட்டே ஆவணம். கார்டு கம்பெனியின் பெயரில் இருந்து, வங்கியிடம் நம் ஜிஎஸ்டி எண்ணும் பதிவாகியிருந்தால் அந்த வரியை வரவாக எடுக்க முடியும். பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பலர் கேட்பதே இல்லை.

பில் சேர்ந்துவிட்டது என்பதற்காக இந்த வரியைச் சத்தமில்லாமல் மூடிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கிய சேவைக்கு வாங்கியவரே ஜிஎஸ்டி கட்ட வேண்டிய விதி இருக்கிறது. பில்லில் நம் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, விற்றவரே வரி போட்டிருக்கிறாரா என்று பார்த்து ஒரு குறிப்போடு நிதிப் பிரிவுக்கு அனுப்புங்கள். முடிவு அவர்களுடையது, கண்ணில் படவைப்பது நம் வேலை.

பில்லே இல்லை, யாருக்குப் போனது என்றும் தெரியவில்லை. 11,800 ரூபாய். என்ன செய்வது?

முதலில் தொகையை உற்றுப் பாருங்கள். 11,800-ஐ 1.18-ஆல் வகுத்தால் சரியாக 10,000. அதாவது 18 சதவீத வரியோடு போட்ட பில்லாக இருக்க வாய்ப்பு அதிகம். 1,800 ரூபாய் வரி வரவு இதில் தொங்குகிறது. இந்த வரி பாக்கிப் பட்டியலில் மேலே இருக்க இதுவே காரணம் போதும்.

அடுத்து ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2B. நமக்கு விற்றவர்கள் நம் எண்ணில் காட்டிய பில்கள் எல்லாம் அதில் இருக்கும். மே மாதத்துக்கானது ஜூன் 14-இல் வந்துவிடும். அதை எக்செலில் இறக்கி, பில் தொகை 11,800 என்று தேடினேன். ஒன்று இருந்தது, தேதி மே 22, உள்ளூரில் கேட்லாக் வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனம். பேமென்ட் லிங்க் அனுப்பிப் பணம் வாங்கியிருக்கிறார்கள், அதனால்தான் `RAZ*`.

ஆனாலும் அந்த வரி பட்டியலிலிருந்து இறங்கவில்லை. GSTR-2B-இல் தெரிந்தால் மட்டும் போதாது, வரவு எடுக்க பில்லும் கையில் இருக்க வேண்டும். மாறியது கேள்விதான்: "இது என்ன?" என்றிருந்தது "பில் நகல் அனுப்புங்கள்" என்றாயிற்று. இரண்டாவது கேள்விக்கு அன்றைக்கே பதில் வரும்.

GSTR-2B-இலும் இல்லை என்றால், விற்றவர் இன்னும் தாக்கல் செய்யவில்லை, அல்லது நம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்காமல் தனிநபர் பெயரில் பில் வாங்கியிருக்கிறார்கள். பின்னதுதான் அதிகம்.

ஒரே தொகை இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்றை நீக்கிவிடலாமா?

எதையும் நீக்காதீர்கள், நீக்கினால் உச்சியில் எழுதிய மொத்தம் உடையும். அடையாளம் மட்டும் போடுங்கள். A தேதி, B பெயர், C தொகை என்றால்:

```
=COUNTIFS($A$2:$A$200,A2,$B$2:$B$200,B2,$C$2:$C$200,C2)
```

2 வந்தால் பில்களை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு முறை 500 ரூபாய்க்கு ஃபாஸ்டாக் நிரப்புவது நடக்கிற காரியம்தான். இரண்டு வரிக்கு ஒரே பில் என்றால்தான் விசாரிக்க வேண்டும்.

சேராத வரிகளின் பட்டியல் எப்படி இருக்க வேண்டும்? நிதிப் பிரிவு எப்போது பார்த்தாலும் "இது புரியவில்லை" என்கிறது.

வெறும் ஸ்டேட்மென்ட் வரிகளை வெட்டி ஒட்டி அனுப்பினால் அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு வரியிலும் என்ன குறை, யாரிடம் கேட்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பது இருக்க வேண்டும். இந்தக் கார்டுக்கு நான் அனுப்பியது மூன்றே வரி.

முதலாவது, `RAZ*SVENT` 11,800. விளம்பரச் செலவு. GSTR-2B-இல் இருக்கிறது, பில் நகல் இல்லை. கார்டு வைத்திருப்பவரிடம் ஜூன் 17 அன்று கேட்டாயிற்று.

இரண்டாவது, `AMAZON` 4,499. தலைப்பும் தெரியாது, பில்லும் இல்லை. அலுவலகப் பொருளா, சொந்தப் பொருளா? சொந்தம் என்றால் அவர் பெயரில் வர வேண்டிய பாக்கியாகப் போட வேண்டும்.

மூன்றாவது, ஓசூர் பெட்ரோல் 3,000. பில் இருக்கிறது, தலைப்பு தெரியும். ஆனாலும் பட்டியலில் ஏன் என்றால், அதே பயணத்துக்கு அவர் கிலோமீட்டர் கணக்கிலும் படி கேட்டிருந்தார். எங்கள் கிலோமீட்டர் விகிதத்தில் பெட்ரோலும் அடக்கம். இரண்டையும் கொடுத்தால் ஒரே பயணத்துக்கு இரண்டு முறை பணம். கார்டுத் தாளை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது. செலவுப் படிவத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

கடைப் பெயரை ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், அழகுபடுத்தாதீர்கள். நிதிப் பிரிவு அதை வைத்துத்தான் தேடும்.

இப்போது உச்சியில் எழுதிய எண்ணுக்கு வருவோம். பட்டியலில் உள்ள மூன்றும் சேர்ந்து 19,299.00. சேர்ந்து முடிந்தவை 12,307.27. இரண்டையும் கூட்டினால் 31,606.27. இது ஒத்துவந்தால் எந்த வரியும் வழியில் தொலையவில்லை என்று நிதிப் பிரிவுக்குத் தெரியும். பட்டியலின் கடைசியில் இந்தக் கணக்கையும் எழுதி அனுப்புகிறேன்.

பதில் வரும் வரை அந்தத் தொகையை டேலியில் எங்கே வைப்பது? இதர செலவில் போடுகிறோமே?

இதர செலவு ஒரு கிணறு. உள்ளே போட்டதை யாரும் திரும்ப எடுப்பதில்லை. சஸ்பென்ஸ் தலைப்பின் கீழே "கார்டு - பில் வராதவை" என்று ஒரு லெட்ஜர் திறந்து அதில் போடுங்கள். மாதக் கடைசியில் அந்த லெட்ஜரின் பாக்கியும் உங்கள் பட்டியலின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் வந்தால் சரியான தலைப்புக்கு ஜர்னல் போட்டு மாற்றிவிடலாம்.

ஸ்டேட்மென்ட் 16-ஆம் தேதி முதல் 15 வரை. எந்த மாதக் கணக்கில் ஏற்றுவது?

செலவு நடந்த தேதியின்படி. மே 16 முதல் 31 வரை உள்ளவை மே, ஜூன் வரிகள் ஜூன். மார்ச் மாதத்தில் இதைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். மார்ச் 16-31 வரிகள் ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் வந்தாலும் அவை முடிந்த நிதியாண்டின் செலவு.

தேதியில் இன்னொரு வம்பும் உண்டு. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் `05/06` மே 6 ஆகிவிடும், ஜூன் 5 வராது. `27/05` போன்றவை தேதியாகவே மாறாமல் எழுத்தாக நிற்கும். ஒரு பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கார்டு வைத்திருப்பவரிடம் எப்படிக் கேட்பது? "பில் அனுப்புங்கள்" என்றால் யாரும் அனுப்புவதில்லை.

எந்த பில் என்று அவருக்கு ஞாபகம் இருக்காது. இடத்தையும் நாளையும் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டும். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது:

"சார், வணக்கம். மே 22 வியாழக்கிழமை, நீங்கள் பெங்களூரிலிருந்து திரும்பிய மறுநாள், கேட்லாக் டிசைனுக்கு 11,800 கட்டியிருக்கிறீர்கள். அந்த பில் உங்கள் மெயிலில் இருக்கும். அப்படியே எனக்கு ஃபார்வர்டு செய்தால் போதும். ஜூன் 5 அமேசான் 4,499 மட்டும் என்ன பொருள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார்."

பத்து நிமிடத்தில் பில் வந்தது. அமேசான் கேள்விக்கு மறுநாள் காலை, "அது வீட்டுக்கு வாங்கியது, தம்பி. கார்டு மாறிவிட்டது, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்." இப்படியும் நடக்கும். குற்றம் கண்டுபிடிக்கிற தொனியில் கேட்டிருந்தால் இந்தப் பதில் வர ஒரு மாதம் ஆகியிருக்கும்.

அவரே "நான் செய்யவில்லை" என்று சொல்லிவிட்டால்?

அந்த வரி அப்போதே பாக்கிப் பட்டியலை விட்டு வெளியேறி வங்கிக்குப் போக வேண்டும். மாதக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனை பற்றி ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில், வங்கியின் அறிவிப்பு வந்ததிலிருந்து எத்தனை வேலை நாளில் புகார் செய்தோம் என்பதைப் பொறுத்தே வாடிக்கையாளரின் பொறுப்பு கூடும் என்று வைத்திருக்கிறார்கள். முதல் வரம்பு 3 வேலை நாள். நாம் ஸ்டேட்மென்ட்டில் பார்க்கும்போது அந்த 3 நாள் பெரும்பாலும் போயிருக்கும். அதனால் கார்டின் அறிவிப்பு, அதை வைத்திருப்பவரின் கைபேசிக்கு மட்டும் போகாமல், கணக்குப் பிரிவின் மின்னஞ்சலுக்கும் வரும்படி வங்கியிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

பில் தொலைந்தே போய்விட்டது. எத்தனை நாள் பட்டியலில் இழுப்பது?

விற்றவரிடம் நகல் கேட்டு வாங்க முடியுமா என்று பாருங்கள். கார்டுச் சீட்டின் தேதியும் தொகையும் சொன்னால் பெரும்பாலான ஹோட்டல்கள் தேடிக் கொடுப்பார்கள். வரி வரவு உள்ள பில் என்றால் காலக்கெடு இருக்கிறது: 2025 மே பில்லுக்கு 2026 நவம்பர் 30, அல்லது அந்த நிதியாண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், இரண்டில் எது முந்தியதோ அது. அதுவரை விடாமல் கேட்கலாம்.

வரி வரவு இல்லாத சிறு தொகைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். எங்கள் நிறுவனத்தில் 500 ரூபாய் வரை, எங்கே எதற்குச் செலவழித்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளை ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு மேல் என்றால் 60 நாள். அப்புறம் அந்த வரியை நான் மூடுவதில்லை. மேலாளரின் மேலாளருக்குப் பெயரோடும் தொகையோடும் போகும், செலவாக ஏற்பதா, சம்பளத்தில் பிடிப்பதா என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் வந்த பிறகுதான் சஸ்பென்ஸிலிருந்து எடுக்கிறேன்.